சட்டியின் விலையைச் சமைத்த தடவையால் வகுத்துப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. செந்தூலில் இருக்கிறோம், வீட்டில் ஐந்து பேர். கல்யாணமாகி 8 வருடத்தில் இது ஐந்தாவது நான்-ஸ்டிக் தோசைத் தவா. ஒவ்வொன்றும் 65 ரிங்கிட், ஒன்றரை வருடம் தாண்டுவதில்லை. வாரத்தில் மூன்று நாள் தோசை, ஐந்து நாள் குழம்பு, தினமும் முட்டை. அலுமினியக் குவாலியே போதும் என்கிறார் மாமியார். கணவர் இரும்புக்கல் வாங்கச் சொல்கிறார். மாலில் 12 துண்டு மூன்றடுக்கு எவர்சில்வர் செட் ஒன்றை 1,190 ரிங்கிட்டுக்குத் தவணையில் தருகிறார்கள். நீண்ட காலத்துக்கு எதில் செலவு குறைவு? இரண்டு வருடத்தில் கொண்டோ வீட்டுக்குப் போகிறோம், அங்கே இண்டக்‌ஷன் அடுப்புதான்.
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்:

வணக்கம் அம்மா. பினாங்கில் 24 வருடமாகப் பாத்திரம் விற்கிறேன். கல்யாண வீட்டுக்கும் கோயில் விசேஷத்துக்கும், தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் போடும் பந்தல்களுக்கும் பாத்திரம் வாடகைக்கும் விடுகிறேன். விற்பவனுக்குச் சட்டி கடையை விட்டுப் போனதும் கணக்கு முடிந்துவிடும். வாடகைக்கு விடுபவனுக்கு அங்கேதான் கணக்கு ஆரம்பம். ஒவ்வோர் அண்டாவுக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. வாங்கிய தேதி, விலை, எத்தனை தடவை வெளியே போய் வந்தது, எப்போது பிடி கழன்றது என்று எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கேள்விக்கும் அதே முறையில்தான் பதில் சொல்லப் போகிறேன்.

முறை இதுதான். சட்டியின் விலையை வருடத்தால் வகுக்காதீர்கள், அதில் சமைத்த தடவையால் வகுங்கள். இருபது வருடம் அலமாரி மேல்தட்டில் கிடந்த சட்டியும் இருபது வருடம் உழைத்த சட்டியும் வருடக் கணக்கில் ஒன்றாகத்தான் தெரியும். தடவைக் கணக்கில்தான் உண்மை வெளியே வரும்.

உங்கள் தவாவையே எடுத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் என்றால் வருடத்துக்குச் சுமார் 150 நாள். ஒன்றரை வருடத்தில் 225 நாள். 65 ரிங்கிட்டை 225-ஆல் வகுத்தால் தோசை சுடும் ஒவ்வொரு நாளுக்கும் 29 சென். இதுவரை தவாவுக்கு மட்டும் 325 ரிங்கிட் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்து உங்கள் கணவர் சொல்லும் வார்ப்பிரும்புக் கல். 10 அங்குலக் கல் நல்லதாக 110 ரிங்கிட் என்று வைப்போம். அதற்கு 15 வருடம் என்பது நான் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லும் ஆயுள், பாட்டி வைத்திருந்த கல்லில் பேத்தி சுடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். 15 வருடம், வருடத்துக்கு 150 நாள் என்றால் 2,250 நாள். ஒரு நாளுக்கு 5 சென் விழுகிறது.

அதோடு விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. இரும்புக்கல்லுக்குப் பராமரிப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வைத்து அரை டீஸ்பூன் எண்ணெய் தடவ வேண்டும். வருடத்துக்கு அது கால் லிட்டருக்கு மேல், அரை லிட்டருக்குள். பாட்டில் எண்ணெய் கிலோ 7 ரிங்கிட் என்று வைத்தால் ஒரு நாளுக்கு ஒன்றரை சென் கூடும். கல் கனமாக இருப்பதால் சூடேற கேஸும் கூடுதலாகச் செலவாகும். இதைத்தான் நிறையப் பேர் பெரிதாக நினைக்கிறார்கள். 3 கிலோ இரும்பைத் தோசை சுடும் சூட்டுக்குக் கொண்டுவர, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, 10 கிராம் கேஸ் போகலாம். நம் வீடுகளில் வாங்கும் 14 கிலோ தோங், மானிய விலையில் 26 ரிங்கிட் 60 சென், அதாவது கிலோ 1 ரிங்கிட் 90 சென். 10 கிராமுக்கு 2 சென். லேசான தவாவுக்கு அதில் பாதி ஆகும். ஆக இரும்பின் கனத்துக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஒரு சென். எல்லாம் கூட்டினாலும் 8 சென்னைத் தாண்டவில்லை. நான்-ஸ்டிக்கில் 29 சென்.

சரி, உங்கள் தவா ஏன் ஒன்றரை வருடத்தில் போகிறது? மட்டமான பொருள் என்று நினைக்க வேண்டாம். தோசை என்பது அந்தப் பூச்சுக்கு ஒவ்வாத வேலை. டெஃப்லான் வகைப் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்ல மெல்லச் சிதையத் தொடங்கும். தோசைக்குக் கல் 200 டிகிரி பக்கம் சூடாக வேண்டும். ஒரு தோசையை எடுத்துவிட்டு, பிள்ளைக்குத் தட்டில் சட்னி வைத்துவிட்டு, திரும்பி வந்து அடுத்த மாவை ஊற்றும் அந்த இடைவெளியில் வெறும் தவா தீயில் ஏறிக்கொண்டே இருக்கிறது. லேசான அலுமினியத் தவா என்பதால் வேகமாக ஏறும். தடவிய எண்ணெய் புகைய ஆரம்பித்தால் 230 டிகிரியைத் தொட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சின் எல்லைக்கு அங்கிருந்து அதிக தூரம் இல்லை. கூண்டில் குருவி, கிளி வளர்ப்பவர்கள் சமையலறையில் நான்-ஸ்டிக்கை வெறுமனே காய விடக்கூடாது என்பதும் இதனால்தான். அதிகச் சூட்டில் கிளம்பும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

பூச்சு போய்விட்டது என்பதை உரிந்த பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. உங்கள் பழைய தவாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரம் இன்னும் மினுமினுக்கும், நடுவில் தீ படும் வட்டம் மட்டும் மங்கி, சற்றுப் பழுப்பாக இருக்கும். தோசை முதலில் ஒட்டுவதும் அந்த வட்டத்தில்தான். கரண்டி கீறி உரிந்திருந்தால் கோடு கோடாக, கண்ட இடத்தில் இருக்கும். நடுவில் வட்டமாகப் போயிருந்தால் அது சூட்டின் வேலை. உரிந்த துகள் ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனால் பயப்பட வேண்டியதில்லை, அது செரிக்காமல் வெளியேறிவிடும். ஆனால் ஒட்டாத தன்மைக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய சட்டி ஒட்ட ஆரம்பித்தால் அதன் ஆயுள் முடிந்தது.

முட்டைக்கு மட்டும் நான்-ஸ்டிக் வைத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டரில் சின்னதாக, 35 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். நடுத் தீ, மரக்கரண்டி, சட்டி ஆறிய பிறகே தண்ணீர். இப்படி வைத்திருந்தால் தினமும் முட்டை போட்டும் மூன்று வருடம் வரும். வருடத்துக்கு 300 தடவை என்று கணக்கிட்டால் ஒரு தடவைக்கு 4 சென்கூட இல்லை. தோசையில் 29 சென் தின்ற அதே பூச்சு முட்டையில் 4 சென்னில் நிற்கிறது. இதற்காக 120 ரிங்கிட் கொடுத்துப் பெரிய பெயர் போட்ட சட்டி வாங்க வேண்டாம். பூச்சு எதுவானாலும் தேயும் பொருள்தான், கார் டயர் மாதிரி. அட்டையில் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று இருந்தால் சிறு எழுத்தையும் வாசியுங்கள். பெரும்பாலும் அது தயாரிப்புக் குறைக்குத்தான் இருக்கும், சூட்டில் தேய்ந்ததற்கு இருக்காது.

இப்போது உங்கள் மாமியார் பக்கம் வருகிறேன். காசுக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. குழம்பு வாரம் ஐந்து நாள், வருடத்துக்கு 250 தடவை. 35 ரிங்கிட் அலுமினியக் குவாலி நாலு வருடம் உழைத்தால் 1,000 தடவை, தடவைக்கு மூன்றரை சென். 26 சென்டிமீட்டர் மூன்றடுக்கு எவர்சில்வர் கடாய் 220 ரிங்கிட், 20 வருடம் வந்தால் 5,000 தடவை, தடவைக்கு 4 சென்னுக்கு மேல். அலுமினியம்தான் மலிவு. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு எவர்சில்வரை விற்க எனக்கு மனமில்லை.

ஆனாலும் குழம்புக்கு அலுமினியம் வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் புளி. ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டுக்கு 60 லிட்டர் அலுமினிய அண்டா ஒன்று அனுப்பினேன். இரவு விருந்துக்கு ரசம் வைத்தார்கள், மிச்சம் இருந்ததை மூடி அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் மதியம்தான் அண்டா திரும்பி வந்தது. கழுவிக் கவிழ்த்துப் பார்த்தால் ரசம் நின்ற மட்டம் வரை உள்பக்கம் கறுத்திருந்தது. விரலால் தேய்த்தேன், சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியது. வெயிலில் தூக்கிப் பிடித்தபோது அடியில் கடுகு அளவில் நாலைந்து குழிகள். அடுத்த விசேஷத்திலேயே அதில் ஒரு குழி ஓட்டையாகி, அடுப்பில் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தீயை அணைத்தது. ஒரே ராத்திரியில் அந்த அண்டாவுக்கு அவ்வளவு வயது கூடிப் போனது. அன்றைக்குப் பிறகு என் கடையிலிருந்து ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் எவர்சில்வர் மட்டும்தான் போகிறது.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உண்டு, அதுதான் அதைக் காக்கிறது. புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாம் அந்தத் தோலைக் கரைக்கும், உப்பும் சேர்ந்தால் குழி விழும். சமைக்கும் அரை மணி நேரத்தை விட மூடி வைத்துவிட்டுத் தூங்கும் எட்டு மணி நேரம்தான் கேடு. அங்கே கரைவது குழம்புக்குள்தான் போகிறது. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டு நிபுணர் குழு 2011-இல் ஒருவர் வாரத்துக்கு உட்கொள்ளும் அலுமினியத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. எப்போதாவது ஒரு குழம்பு அதில் வைத்ததால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. வாரம் ஐந்து நாள் மீன் குழம்பும் அசம் பெடாஸும் வைத்து, மிச்சத்தை அதிலேயே வைத்திருக்கிற வீட்டுக்கு அது பொருத்தமான சட்டி இல்லை, அவ்வளவுதான். ஒரு சென் மிச்சத்துக்காக அதைச் செய்ய வேண்டாம்.

மாமியாரின் அலுமினியத்துக்கு வேறு வேலை இருக்கிறது. இட்லி, புட்டு அவிக்கும் பானை, வெந்நீர், பால், அப்பளம் வடை பொரிக்கும் சட்டி இதற்கெல்லாம் அலுமினியத்தை அடிக்க எதுவும் இல்லை. தண்ணீரும் எண்ணெயும் அதைத் தின்பதில்லை. அவரிடம் நல்ல கனமான இட்லிப் பானை இருந்தால் மாற்றவே மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் பாருங்கள். பழைய உருப்படிகளை உருக்கி வார்த்த, கம்பெனிப் பெயரே இல்லாத பாத்திரமாக இருந்தால் அதில் என்னென்ன உலோகம் கலந்தது என்று யாருக்கும் தெரியாது, ஈயமும் இருக்கலாம். அதை வெந்நீர்க் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் கடாய் வாங்கும்போது நீங்கள் ஏமாறக்கூடிய இடம் அடிப்பாகம். எவர்சில்வர் சூட்டை மோசமாகக் கடத்தும், அலுமினியம் அதை விடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். அதனால்தான் இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவில் அலுமினியத்தை வைத்து மூன்றடுக்கு செய்கிறார்கள். ஒற்றைத் தகட்டுச் சட்டியில் தீ படும் வளையத்தில் மட்டும் வெங்காயம் கருகும், பக்கத்தில் பச்சையாகக் கிடக்கும். மூன்றடுக்கிலும் இரண்டு வகை. ஒன்றில் அடியில் மட்டும் தட்டு ஒட்டியிருப்பார்கள். வெளியே அடியைச் சுற்றி ஒரு விளிம்புக் கோடு தெரியும், விரலை ஓட்டினால் தட்டுப்படும். சாம்பார் கொதிக்க அது போதும். சம்பால் வதக்க, குழம்பு சுண்டவைக்க, பக்கவாட்டிலும் மூன்றடுக்காக இருப்பதை வாங்குங்கள். அதில் கோடு இருக்காது, விளிம்புவரை ஒரே கனமாக இருக்கும்.

உலோகம் 304 தானா என்று கேளுங்கள். 18/8, 18/10 என்று அச்சிட்டிருந்தாலும் அந்தக் குடும்பம்தான், 18 என்பது குரோமியம், அடுத்த எண் நிக்கல். 201 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு வகை. உப்புக்கும் புளிக்கும் அது அவ்வளவாகத் தாங்காது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தெரியாது. 201-ம் 304-ம் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. அச்சும் பில்லும்தான் சாட்சி.

எவர்சில்வரில் ஒட்டுகிறது என்று கைவிட்டவர்கள் ஏராளம். நான் கடையில் அடுப்பு வைத்துக் காட்டுவதை இங்கே எழுதுகிறேன். கடாயை நடுத் தீயில் வெறுமனே இரண்டு நிமிடம் காய விடுங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். 'சுர்' என்று உடனே ஆவியானால் இன்னும் சூடு போதாது. சொட்டு உருண்டையாகி, பாதரசம் மாதிரி ஓடினால் சரியான சூடு. தீயைக் குறைத்து, எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, பிறகு மீனோ வெங்காயமோ போடுங்கள். மீனைப் போட்டதும் நோண்டாதீர்கள், அடி சிவந்ததும் அது தானாக விடும். இன்னொன்று, உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் உட்கார்ந்து ஊசிக்குத்து மாதிரிக் குழி போடும், எந்த 304-லும். வானவில் நிறத்தில் கறை வந்தால் பயமில்லை, கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

இப்போது அந்த 1,190 ரிங்கிட் செட். இப்படிப்பட்ட செட்டுகளைக் கடையில் பிரித்து அடுக்கியிருக்கிறேன். 12 துண்டு என்பதில் மூடிகளையும் எண்ணுவார்கள், சிலவற்றில் கரண்டியையும் எண்ணுவார்கள். பாத்திரம் என்று பார்த்தால் ஐந்தாறுதான் தேறும். ஐந்து பேர் இருக்கும் உங்கள் வீட்டுக்கு அதில் வழக்கமாக அடுப்பேறப் போவது ஒரு கடாயும், எப்போதாவது பால் காய்ச்ச ஒன்றும்தான். வருடத்துக்கு 350 தடவை என்று தாராளமாகவே வைத்து 20 வருடத்துக்குக் கணக்கிட்டால், தடவைக்கு 17 சென். தனியாக வாங்கினால் 4 சென்னில் கிடைக்கும் அதே கடாய் செட்டுக்குள் வந்ததும் நாலு மடங்கு ஆகிறது. உலோகத்தில் குறை ஒன்றும் இல்லை, கூட வரும் சும்மா இருக்கும் சட்டிகளுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி நீங்கள் எழுதியிராவிட்டால் என் பதில் கொஞ்சம் மாறியிருக்கும். நிறையச் சட்டிகள் தேய்ந்து சாவதில்லை, அடுப்பு மாறிய நாளில் சாகின்றன. சாதாரண அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடாகாது, உருண்டை அடிக் குவாலியும் அப்படித்தான். ஆகவே இப்போது புதிய அலுமினியக் குவாலி வாங்கினால் அதற்கு இரண்டு வருடம்தான் ஆயுள், தடவைக்கு 7 சென் ஆகிவிடும். மாமியாரின் கணக்கு அங்கேதான் தோற்கிறது. எவர்சில்வர் கடாயும் முட்டைச் சட்டியும் வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் வெளி அடியில் ஒட்டிப் பாருங்கள். உள்பக்கம் 304 ஒட்டாது, ஆனால் இண்டக்‌ஷனுக்கான சட்டியில் வெளித்தகடு வேறு வகை என்பதால் கெட்டியாக ஒட்டும். காந்தத்துக்கு வேலை அங்கேதான். அடி தட்டையாக இருக்கிறதா என்று கண்ணாடி மேசை மேல் வைத்து ஆட்டியும் பாருங்கள்.

இரும்புக்கல் இண்டக்‌ஷனில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் எடுத்த எடுப்பில் பெரிய எண்ணில் வைக்காதீர்கள். நடுவில் மட்டும் திடீரெனச் சூடேறினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம், பிறகு ஏற்றுங்கள். கேஸிலும் அவசரம் கூடாது. இரும்பு சூட்டைப் பரப்புவதில் மெதுவானது, ஓரம் ஏற ஆறேழு நிமிடம் வேண்டும். முதல் தோசை ஓரத்தில் வெளுத்து நடுவில் கருகினால் நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம்.

கல்லைப் பழக்குவதில்தான் பாதிப் பேர் தோற்றுப்போய் மறுபடியும் நான்-ஸ்டிக்குக்கு ஓடுகிறார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழக்காத புதுக்கல்லில் துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனி எண்ணெயோ மெழுகோ பூசியிருக்கும். சோப்பும் கம்பி நாரும் போட்டு அதை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வையுங்கள். சூடாக இருக்கும்போதே சில சொட்டு எண்ணெய் விட்டுத் துணியால் இரண்டு பக்கமும் பிடியிலும் தடவுங்கள். பிறகு வேறு காய்ந்த துணியால், தடவியதே தப்பு என்பது போல் துடைத்து எடுத்துவிடுங்கள். இந்தத் துடைப்புதான் முக்கியம். மிஞ்சியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம், புகைந்து புகை அடங்கும் வரை சூட்டில் இருந்தால் இறுகிக் கறுப்புத் தோலாகும். எண்ணெய் அதிகமாக இருந்தால் இறுகாமல் பிசுபிசுவென்று பழுப்பாக நிற்கும், தோசை அதில்தான் ஒட்டும். அப்படி வந்துவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி செய்யுங்கள், கல் கெட்டுப்போகாது. இப்படி மூன்று முறை செய்த பிறகு, முதல் ஒரு வாரம் சப்பாத்தியும் வெங்காயம் போட்ட கனத்த ஊத்தப்பமும் சுடுங்கள். முறுகல் தோசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தோசைக்கும் முன் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கும் நம் வழக்கம் வெறும் சம்பிரதாயம் இல்லை, அது அந்தத் தோலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கிறது.

அந்தக் கல்லில் தக்காளித் தொக்கோ புளி சேர்த்ததோ வதக்காதீர்கள், தோல் கரைந்துவிடும். சூடான கல்லில் குழாய்த் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள். ஊற வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு ராத்திரி சிங்க்கில் கிடந்தாலே ஆரஞ்சுத் துரு பூத்துவிடும். பூத்தாலும் தூக்கிப் போட வேண்டாம், கம்பி நாரால் தேய்த்து மறுபடி பழக்குங்கள். கல்லுக்கு முடிவு என்பது விரிசல் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டிப் பாருங்கள், நல்ல கல் மணி மாதிரி ஒலிக்கும், விரிந்த கல் மொட்டையாகச் சத்தம் போடும்.

12 அங்குலம் வேண்டாம் என்று 10 அங்குலத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் தோசை சுடுவது நீங்கள் மட்டுமா, மாமியாருமா என்று எழுதவில்லை. பெரிய கல்லை வயதானவர் மணிக்கட்டு தூக்காது. தூக்க முடியாத கல் ஒரு மாதத்தில் மேல்தட்டுக்குப் போய்விடும், அப்போது நான் போட்ட 8 சென் கணக்கெல்லாம் வீண். வாங்கும் முன் கடையிலேயே அவர் கையில் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் இன்னும் சின்னதாகப் பாருங்கள், அல்லது அடுப்பை விட்டு இறக்காமலேயே துடைத்து வைக்கும்படி ஒரு பர்னரை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

ஆகக் கல் 110, கடாய் 220, முட்டைச் சட்டி 35, மொத்தம் 365 ரிங்கிட். ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. தவாதான் இப்போது காசைத் தின்கிறது என்பதால் முதலில் கல்லை வாங்குங்கள். கடாயைத் தீபாவளி சமயத்தில் பாருங்கள், அப்போது மூன்றடுக்குப் பாத்திரங்களுக்கு விலை இறக்குவார்கள். அதுவரை குழம்பை அலுமினியத்திலேயே வையுங்கள், ஆனால் சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கோ எவர்சில்வர் தூக்குக்கோ மாற்றிவிடுங்கள். முட்டைச் சட்டி வாங்கிய அன்றைக்கே அதன் பிடியின் அடியில் பெர்மனன்ட் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதி வையுங்கள். மூன்று வருடத்துக்கு முன்பே நடுவட்டம் மங்கிவிட்டால் அடுத்த சட்டி வாங்கும் முன் தீயைக் குறைத்துப் பாருங்கள்.